படிக்கட்டு மெட்டும் அந்தி மெட்டும்: ஒரு சிம்பொனியை முதன்முதலாகப் பின்தொடர்தல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். அரங்கில் ஒலிப்பதிவு இசைக்கப்பட்ட இடங்கள் அடைப்புக்குறிக்குள் குறிக்கப்பட்டுள்ளன.)



2025 மார்ச் 8 அன்று இளையராஜா தம் சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றினார். அதற்குப் பிறகு என்னிடம் இசை பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “பாட்டு வரி இல்லை, பல்லவி இல்லை, முக்கால் மணி நேரம் ஓடுகிறது. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?” நியாயமான கேள்வி. அதற்கு இன்று ஒரே ஒரு சிம்பொனியை வைத்துப் பதில் சொல்லப் போகிறேன். அதிலும் இரண்டே இரண்டு மெட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, அவை எங்கெங்கே போகின்றன, எப்படி உருமாறித் திரும்புகின்றன என்று பின்னாலேயே நடந்து பார்ப்போம்.

அந்தச் சிம்பொனி அன்டோனின் த்வோர்ஷாக் எழுதிய ஒன்பதாவது. ‘புதிய உலகிலிருந்து’ என்று அவரே பெயர் வைத்தார். த்வோர்ஷாக் செக் நாட்டுக்காரர். பொஹீமியாவில் ஒரு கிராமத்துக் கசாப்புக்கடைக்காரரின் மகன். நியூயார்க்கில் தேசிய இசைக் கல்லூரியை நடத்திவந்த ஜெனட் தர்பர் என்ற அம்மையார் அவரை இயக்குநராக அழைக்க, 1892 செப்டம்பரில் குடும்பத்தோடு அமெரிக்கா போய் இறங்கினார். 1893ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் இந்தச் சிம்பொனியை எழுதினார். அந்த ஆண்டு டிசம்பர் 16 அன்று கார்னகி ஹாலில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, அன்டன் சைடல் நடத்த, இதை அரங்கேற்றியது. பழைய இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: அட்டையில் ‘ஐந்தாவது சிம்பொனி’ என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். அவர் எழுதிய முதல் நான்கு சிம்பொனிகள் அவர் காலத்தில் அச்சேறாததால் வந்த எண் அது. இசை இதேதான்.

இந்தச் சிம்பொனி எனக்கு அறிமுகமானது ஒரு கேசட்டில். கல்லூரி நாள்களில் நண்பர் ஒருவர் இரவல் தந்தார். ரிவைண்ட் செய்யாமல் தந்திருந்தார் போலும். எனக்குத் தெரியாமல் இரண்டாம் பக்கத்தைத்தான் முதலில் போட்டேன். அதில் இருந்தவை மூன்றாம், நான்காம் பகுதிகள். சத்தம் பிரமாதமாக இருந்தது. ஆனால் ஒன்றும் ஒட்டவில்லை. யாரோ எனக்குத் தெரியாத மனிதர்கள் வந்து வந்து போகிறார்கள், அவர்களைப் பார்த்து மேடையே பரபரக்கிறது, எனக்கு மட்டும் காரணம் புரியவில்லை என்பது போன்ற உணர்வு. பல மாதங்கள் கழித்து முதல் பக்கத்திலிருந்து வரிசையாகக் கேட்டேன். மூன்றாம் பகுதியின் நடுவில் செல்லோக்கள் மெல்ல ஏதோ முணுமுணுத்தன. சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது முதல் பகுதியில் கேட்டது! அந்த ஒரு நொடியில் சிம்பொனி என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது. சிம்பொனி நம் நினைவை நம்பி எழுதப்படுகிறது. இசையமைப்பாளர் முதல் பத்து நிமிடத்தில் நம்மிடம் ஒன்றைக் கொடுத்து வைக்கிறார். அதை நாம் பத்திரமாக வைத்திருந்தால்தான், அவர் பிறகு அதைத் தொட்டுப் பேசும்போது நமக்கு ஏதாவது நடக்கும்.

சரி, அவர் கொடுத்து வைப்பது என்ன என்று பார்ப்போம்.

சிம்பொனிக்குப் பெரும்பாலும் நான்கு பகுதிகள். மூவ்மென்ட் என்பார்கள். நடுவில் சில நொடி மௌனம் இருக்கும். இந்தச் சிம்பொனியில் முதல் பகுதி மெதுவான ஒரு முன்னுரையோடு தொடங்குகிறது. செல்லோக்கள் தாழ்ந்த குரலில் தயங்கித் தயங்கிப் பேசுகின்றன. திடீரென்று மொத்த இசைக்குழுவும் அதட்டுகிறது, டிம்பனி முழங்குகிறது. இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கி, வயலின்கள் நடுநடுங்கும் ஒலியாகச் சுருங்கி நிற்க, ஹார்ன் எழுந்து ஒரு மெட்டைச் சொல்கிறது.

(முதல் பகுதி: முன்னுரையின் இறுதியும் ஹார்ன் மெட்டும் இசைக்கப்பட்டன.)

இதை ஸ்வரமாகச் சொல்லிப் பார்க்கலாம். சுருதியை ‘இ’ என்ற ஸ்வரத்தில் வையுங்கள். ஸ, க, ப, மேல் ஸ என்று தாவித் தாவி ஏறி, மேல் காந்தாரத்தைத் தொட்டுவிட்டு, வந்த படிகள் வழியாகவே இறங்குகிறது. காந்தாரம் சாதாரண காந்தாரம். அதனால்தான் அந்த மெட்டில் வீரத்தோடு ஒரு இருட்டும் இருக்கிறது. பக்கத்து ஸ்வரங்கள் வழியாக வழுக்கிப் போகாமல் படி தாண்டிப் படி ஏறுவதால் இதற்குப் ‘படிக்கட்டு மெட்டு’ என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏதாவது ஒரு பெயர் வையுங்கள். பெயரில்லாத மெட்டு நினைவில் தங்குவது கடினம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உச்சிப் படியில் ஒரு குட்டையான ஒலி, உடனே ஒரு நீளமான ஒலி. ‘தக்-கா’ என்ற வெட்டு. பின்னால் இந்த மெட்டு எத்தனை வேஷம் போட்டாலும், ஏறி இறங்கும் உருவமும் இந்த வெட்டும்தான் அதன் அடையாளம். ஹார்ன் சொல்லி முடித்ததும் கிளாரினெட்டுகளும் பஸூன்களும் சேர்ந்து ஒரு துள்ளலான பதில் சொல்கின்றன. அழைப்பும் பதிலும் சேர்ந்ததுதான் முழு மெட்டு. இன்று வீட்டுக்குப் போனதும் இதை மட்டும் ஐந்தாறு முறை கேட்டு, வாயால் முனக முடிகிறதா என்று பாருங்கள். முனக முடிந்தால் சிம்பொனியின் சாவி உங்கள் கையில்.

இதே பகுதியில் இன்னும் இரண்டு மெட்டுகள் உண்டு. ஒன்றை இன்று விட்டுவிடுகிறேன். மற்றொன்று, புல்லாங்குழல் தன் தாழ்ந்த ஸ்வரங்களில் வாசிக்கும் இதமான மெட்டு. அதைக் குழல் மெட்டு என்போம். அதைக் கொண்டு ஒரு விஷயத்தை மட்டும் விளக்க வேண்டும், ஏனென்றால் நம் காதுகள் தடுமாறும் இடம் இதுதான்.

நம் கச்சேரியில் தம்புரா ஒரு சுருதியைப் பிடித்துவிட்டால் கச்சேரி முடியும்வரை அதுதான் ஆதாரம். ராகம் மாறும், தாளம் மாறும், ஸட்ஜம் இடம் மாறாது. சிம்பொனியில் ஸட்ஜமே பயணம் போகிறது. படிக்கட்டு மெட்டு ‘இ’யை வீடாகக் கொண்டு தொடங்குகிறது. குழல் மெட்டு வரும்போது வீடு ‘ஜி’க்கு மாறியிருக்கிறது. பிறகு மெட்டுகளெல்லாம் துண்டு துண்டாக உடைக்கப்பட்டு, பல சுருதிகளில் அலைக்கழிக்கப்படும் ஒரு நடுப்பகுதி. அது முடிந்ததும் எல்லா மெட்டுகளும் முதலில் வந்த வரிசையிலேயே திரும்பி வரும். அப்படித் திரும்பும்போது முன்பு வெளியூரில் இருந்த மெட்டும் சொந்த வீட்டுச் சுருதிக்கு வந்து சேர வேண்டும் என்பது 18ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த வழக்கம். த்வோர்ஷாக் இங்கே அந்த வழக்கத்தை மீறுகிறார். படிக்கட்டு மெட்டு ‘இ’க்கே வருகிறது. குழல் மெட்டோ வீட்டுக்கு வராமல், முன்பு இருந்த ‘ஜி’யிலிருந்து அரை ஸ்வரம் மேலேறிப் போய் அமர்கிறது. முதல்முறை கேட்பவருக்கு ‘அரை ஸ்வரம்’ என்று பெயர் சொல்லத் தெரியாது. ஆனால் அதே மெட்டு, அதே குழல், ஏதோ கொஞ்சம் வெளிச்சம் கூடியிருக்கிறது, இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை என்று காது உணரும். அதை உணர்ந்தாலே போதும்.

(முதல் பகுதி: குழல் மெட்டு இரண்டு இடங்களிலும் அடுத்தடுத்து இசைக்கப்பட்டது.)

முதல் பகுதி ஆவேசமாக, ‘இ மைனர்’ என்னும் இருட்டிலேயே முடிகிறது. அதன் கடைசி அடி காதில் இருக்கும்போதே இரண்டாம் பகுதி தொடங்க வேண்டும். கைபேசியில் கேட்கும் நண்பர்கள் பாடல் வரிசையைக் கலைத்துப் போடும் வசதியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நான்கு பகுதிகளும் நான்கு தனிப் பதிவுகளாக இருப்பதால், கருவி அவற்றை நான்கு பாட்டுகள் என்றே நினைத்துக்கொள்கிறது.

இரண்டாம் பகுதிக்கு ‘லார்கோ’ என்று பெயர். மிக மெதுவான, அகலமான நடை. முதலில் பித்தளைக் கருவிகளின் கூட்டொலிகள் சில, ஒன்றன்பின் ஒன்றாக, கதவுகள் திறப்பது போல வருகின்றன. முதல் கூட்டொலி ‘இ’யில் இருக்கிறது, அதாவது முதல் பகுதி விட்ட இடத்தில். சில அடிகளுக்குள், எப்படி என்று தெரியாமல், ‘டி ஃப்ளாட்’ என்ற வெகுதூரத்துச் சுருதியில் நம்மைக் கொண்டுபோய் இறக்கிவிடுகின்றன. இந்தக் கதவுகளை மறந்துவிடாதீர்கள். கடைசிப் பகுதியில் இவை திரும்பவும் வரும்.

கதவு திறந்ததும் கேட்பது, உலகம் முழுக்கத் தெரிந்த அந்த மெட்டு.

(இரண்டாம் பகுதி: தொடக்கம் இசைக்கப்பட்டது.)

வாசிப்பது இங்கிலிஷ் ஹார்ன். பெயர்தான் ஹார்ன், படிக்கட்டு மெட்டை வாசித்த பித்தளை ஹார்னுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஓபோவின் அண்ணன். நம் நாதஸ்வரத்தைப் போல இரட்டை நாணலில் ஊதுவது. ஓபோவைவிடத் தாழ்ந்த, கொஞ்சம் மூக்கடைத்த, ஈரமான குரல். இந்த மெட்டை நான் ‘அந்தி மெட்டு’ என்பேன். ஸ்வரம் எளிது: க ப ப, க ரி ஸ, ரி க ப க ரி. பாடிப் பார்த்தவர்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. ஆமாம், இந்த வரியில் இருப்பவை மோகனத்தின் ஸ்வரங்கள்தான். ஆனால் அதை வைத்து இது மோகனம் என்று சொல்லிவிடக் கூடாது. இரண்டு வரி தள்ளி மெட்டு மேலே போகும்போது காகலி நிஷாதம் வந்துவிடுகிறது. கமகமும் இல்லை. மேலும் கீழே தந்திக் கருவிகள் பிடித்திருக்கும் கூட்டொலிகள் மாறிக்கொண்டே இருப்பதால், ஒரே பஞ்சமம் ஒவ்வொரு முறையும் வேறு நிறத்தில் கேட்கிறது. ஐந்து ஸ்வர மெட்டுகள் ஸ்காட்லாந்திலும் சீனத்திலும் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் பக்திப் பாடல்களிலும் உண்டு. நமக்குக் கிடைக்கும் ஆதாயம் ஒன்றுதான்: நம் காதுக்கு இது உடனே பிடிபடும், மறக்காது.

இந்த மெட்டைப் பற்றி ஒரு தவறான செய்தி பரவலாக உண்டு. இது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய பக்திப் பாட்டு, அதை த்வோர்ஷாக் எடுத்துக்கொண்டார் என்பார்கள். நடந்தது தலைகீழ். மெட்டு த்வோர்ஷாக்கினுடையது. அவருடைய மாணவர் வில்லியம் ஆர்ம்ஸ் ஃபிஷர் 1922இல் அதற்குச் சொற்கள் எழுதிப் பாட்டாக்கினார். அந்தப் பாட்டுதான் பிறகு பழைய பக்திப் பாட்டு என்று நம்பப்பட்டது. ஆனால் அந்த மரபின் பாதிப்பு இங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. கல்லூரியில் படித்த ஹாரி பர்லி என்ற கறுப்பின இளைஞர், தாம் வீட்டில் கேட்டு வளர்ந்த பாடல்களை த்வோர்ஷாக்குக்குப் பலமுறை பாடிக்காட்டியிருக்கிறார். த்வோர்ஷாக் அவற்றை ஆர்வத்தோடு கேட்டார், அந்தப் பாடல்களில் அமெரிக்க இசையின் எதிர்காலம் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். எந்தப் பாட்டையும் அப்படியே எடுத்து வைக்கவில்லை. அந்த மண்ணின் பேச்சைக் கேட்டுவிட்டுத் தம் சொந்த வாக்கியத்தை எழுதினார்.

லார்கோவின் நடுவில் வேறு சோகம், பிறகு பறவைகள் விழித்துக்கொண்டது போன்ற ஒரு சிலிர்ப்பு. நடத்துநரின் வேகத்தைப் பொறுத்து, சுமார் எட்டு ஒன்பது நிமிடம் ஆகும்போது அந்தச் சிலிர்ப்பு சட்டென்று வீங்கிப் பெரிதாகிறது. அங்கேதான் டிராம்போன்கள் உரத்த குரலில் நுழைகின்றன. என்ன வாசிக்கின்றன என்று கேளுங்கள்.

(இரண்டாம் பகுதி: உச்சக்கட்டம் இசைக்கப்பட்டது.)

படிக்கட்டு மெட்டு! முதல் பகுதியில் கேட்டதுதான். ஆனால் அங்கே அது இருட்டில் இருந்தது, இங்கே காந்தாரம் அந்தர காந்தாரமாகி ஒளி ஏறியிருக்கிறது. ஹார்னின் தூரத்துக் குரல் போய், டிராம்போனின் முழு மார்பு. அதே நேரத்தில் டிரம்பெட்டுகள் அந்தி மெட்டின் தொடக்கத்தை வாசிக்கின்றன. இரண்டு மெட்டுகளும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொள்கின்றன. இது நீடிப்பது சில நொடிகள்தான். முதன்முறை கேட்கும்போது தவறிப்போக எல்லா வாய்ப்பும் உண்டு. ஆனால் பிடித்துவிட்டால், அதுவரை தனித்தனியாக இருந்த இரண்டு பகுதிகளும் உங்களுக்கு ஒன்றாகிவிடும்.

அந்த வெடிப்புக்குப் பிறகு வருவதுதான் இந்தச் சிம்பொனியில் எனக்கு மிக நெருக்கமான இடம். அந்தி மெட்டு திரும்பி வருகிறது. இங்கிலிஷ் ஹார்ன் தொடங்கிவைக்க, ஒலியடக்கிகள் மாட்டிய ஒருசில தந்திக் கருவிகள் மட்டும் தொடர்கின்றன. மெட்டில் ஒரு ஸ்வரமும் மாறவில்லை. ஆனால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. மௌனம். மறுபடி இரண்டு ஸ்வரம். மறுபடி மௌனம். தொண்டை அடைத்துக்கொண்டவர் பேசுவது போல. ஒரு மெட்டை மாற்றுவதென்றால் ஸ்வரத்தை, தாளத்தை, கருவியை மாற்றுவது என்று நினைப்போம். இங்கே அவர் மாற்றியது மௌனத்தின் இடத்தை மட்டுமே. ஒலிப்பதிவு நின்றுவிட்டதோ என்று சந்தேகப்பட்டுக் கைபேசியைத் தட்டாதீர்கள்.

இந்தப் பகுதியின் கடைசிக் கூட்டொலியை டபுள் பாஸ்கள் மட்டும், தங்களுக்குள் பிரிந்து நின்று, மிக மெல்ல வாசிக்கின்றன. கைபேசியின் குட்டி ஒலிபெருக்கி இதைத் தராது. அதில் கேட்பவருக்குப் பகுதி சில நொடி முன்னதாகவே முடிந்துவிடும். நான்கு பேர் ஒரே அறையில் நல்ல ஒலிபெருக்கியில் கேட்பது சிறப்பு. முடியாவிட்டால் காதை மூடிய நல்ல ஹெட்ஃபோன் போதும்.

மூன்றாம் பகுதி ‘ஸ்கெர்ட்ஸோ’, துள்ளல் நடை. டிம்பனி அதட்ட, ட்ரையாங்கிள் கிணுகிணுக்க, மூன்று அடித் தாளம் ஓடுகிறது. லாங்ஃபெல்லோ எழுதிய ‘ஹையவாத்தா’ என்ற அமெரிக்கக் காவியத்தில் வரும் விருந்தின் நடனக் காட்சி இதற்குத் தூண்டுதல் என்று த்வோர்ஷாக்கே சொல்லியிருக்கிறார். பகுதியை முழுக்க விவரிக்கப் போவதில்லை. நம் வேலை படிக்கட்டு மெட்டைத் தேடுவது.

அது வருவது எதிர்பாராத இடத்தில். முதல் நடனம் ஓய்ந்து இரண்டாவது நடனத்துக்குப் போகும் பாலத்தில், எல்லாம் தணிந்திருக்கும்போது, செல்லோக்கள் அடிக்குரலில் அதை முனகுகின்றன. பிறகு வயோலாக்கள். கல்லூரி நாளில் என்னை நிமிர வைத்த இடம் இதுதான்.

(மூன்றாம் பகுதி: நடனங்களுக்கு இடைப்பட்ட பாலம் இரண்டு முறை இசைக்கப்பட்டது.)

முதல் முறை இசைத்தபோது இந்த அரங்கில் பாதிப் பேருக்குத்தான் பிடிபட்டது என்று முகங்களில் தெரிந்தது. அதற்குக் காரணம் உண்டு. முதல் பகுதி இரண்டு அடித் தாளம். இது மூன்று அடி. நம் மொழியில் சொன்னால், சதுஸ்ரத்தில் பழகிய வரியைத் திஸ்ரத்தில் பாடுவது போல. வலு விழும் இடம் மாறியதும் மெட்டின் முகமே மாறிவிடுகிறது. ஹார்னில் எக்காளம் போல இருந்தது செல்லோவில் ஒரு சந்தேகம் போல ஒலிக்கிறது. ஸ்வரங்களை எண்ணித் தேடினால் கிடைக்காது. ஏறி இறங்கும் அந்த உருவத்தைத் தேடினால் கிடைக்கும். கூட்டத்தில் நண்பரை நடையை வைத்து அடையாளம் காண்பதில்லையா, அப்படி. பகுதி முடியும் தறுவாயில் பித்தளைக் கருவிகள் படிக்கட்டு மெட்டை இன்னொரு முறை, இம்முறை உரத்தே அழைக்கின்றன. அதற்குள் அது நமக்குப் பழகிவிட்டிருக்கும்.

இனி நான்காம் பகுதி. தாழ்ந்த ஸ்வரங்களில் தந்திக் கருவிகள் அரை ஸ்வரம் ஏறி நிற்கின்றன, மறுபடி ஏறி நிற்கின்றன, பிறகு வேகம் பிடிக்கின்றன. ரயில் கிளம்புவது போல என்று பலரும் சொல்வார்கள். த்வோர்ஷாக்குக்கு ரயில் என்றால் உயிர் என்பதும் உண்மைதான். அந்த வேகத்தின் மேல் ஹார்ன்களும் டிரம்பெட்டுகளும் ஒரு புதிய மெட்டை முழங்குகின்றன. ஸ ரி க, ரி ஸ என்று பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் மெட்டு. படிக்கட்டு மெட்டு தாவுகிறது, இது அணிவகுத்து நடக்கிறது. இரண்டுக்கும் சுருதி அதே ‘இ’, அதே சாதாரண காந்தாரம். கடைசிப் பகுதியும் அதே வீட்டில்தான் தொடங்குகிறது.

இந்தப் பகுதி முழுவதிலும் தாளத்தட்டு ஒரே ஒரு முறை, அதுவும் மெதுவாக ஒலிக்கிறது. நேரடிக் கச்சேரியில் அதற்காக ஒருவர் காத்திருப்பதைப் பார்க்கலாம். அதைத் தொடர்ந்து கிளாரினெட்டில் ஒரு மென்மையான மெட்டு. இதற்கு மேல் புதிதாக எதையும் மனத்தில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. ஏனென்றால் நடுவில், மெட்டுகள் உடைபடும் இடத்தில், பழையவர்கள் வரத் தொடங்குகிறார்கள். முதலில் வருவது அந்தி மெட்டு. ஆனால் அதன் வேகம்! லார்கோவில் ஒரு மூச்சு முழுக்க எடுத்துக்கொண்ட ‘க ப ப’ இங்கே ஒரு நொடியில் பறந்துவிடுகிறது. ஏக்கம் போய் அவசரம் வந்துவிட்டது. அதே ஸ்வரங்கள் வேகமாக ஓடும்போது அவை துயரத்தைச் சுமக்க முடிவதில்லை என்பதை இங்கே காதால் பார்க்கலாம். படிக்கட்டு மெட்டும் அந்த நெரிசலில் தலைகாட்டுகிறது.

இந்த இடத்தில் பலர் வழி தவறுவார்கள். துண்டுகள் அடுத்தடுத்து வரும், அடையாளம் காண்பதற்குள் போய்விடும். எனக்கும் தெளிவாகப் பத்துப் பன்னிரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. தவறினால் பின்னுக்கு ஓட்டிப் பார்க்க வேண்டாம். விட்டுவிட்டு முன்னே போங்கள். த்வோர்ஷாக் கடைசி மூன்று நிமிடத்தில் எல்லோரையும் மறுபடி மேடைக்கு அழைத்து வருவார்.

அந்தக் கடைசி மூன்று நிமிடத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு கணம் அமைதி வருகிறது, முடிவு நெருங்கிவிட்டது என்று தோன்றுகிறது. அந்த அமைதியிலிருந்து இசை மலை போல எழுகிறது. உச்சியில் கேட்பவை லார்கோவின் கதவுகள். அங்கே மூச்சுப் போல மெல்லத் திறந்த அதே கூட்டொலிகள், இங்கே மொத்தப் பித்தளைக் கருவிகளும் முழு பலத்தோடு வாசிக்க, டிம்பனி இடியாக உருள, திறக்கின்றன.

(நான்காம் பகுதி: இறுதிக் கட்டத்தின் தொடக்கம் இசைக்கப்பட்டது. ஒப்பிட, லார்கோவின் முதல் கூட்டொலிகள் மீண்டும் இசைக்கப்பட்டன.)

இந்த இடத்தில்தான், முதலிலிருந்து கேட்டவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தவருக்கும் வித்தியாசம் முழுக்கத் தெரியும். நடுவில் வந்தவருக்கு இது பிரமாண்டமான சத்தம். முதலிலிருந்து கேட்டவருக்கு, அரை மணி நேரத்துக்கு முன் தாம் அமைதியாக நுழைந்த வீடு கண் முன்னே தீப்பற்றி எரிவது போன்ற அதிர்ச்சி. பிறகு தணல் அடங்குகிறது. அந்தி மெட்டின் நினைவு மெல்ல வருகிறது. அதன் கூடவே ஸ்கெர்ட்ஸோவின் நடனமும் சன்னமாகக் கேட்கிறது. அணிவகுப்பு மெட்டை ஒற்றை ஹார்ன், தூரத்திலிருந்து, சாந்தமாகச் சொல்கிறது. உடனே மொத்த இசைக்குழுவும் எழுந்து அதே மெட்டைக் கடைசி முறையாக முழங்குகிறது. இருட்டிலிருந்த காந்தாரம் விடிந்து ‘இ மேஜர்’ ஆகிவிட்டது. அதோடு ஒட்டிக்கொண்டு, ஒரே நேரத்தில், படிக்கட்டு மெட்டும் ஒலிக்கிறது. முதல் பகுதியின் நாயகனும் கடைசிப் பகுதியின் நாயகனும் தோளோடு தோள் நிற்கும் இடம். இதை எழுத முடிவதற்காகத்தான் இரண்டு மெட்டுகளையும் ஒரே சுருதியில், ஒன்றைத் தாவவும் ஒன்றை நடக்கவும் விட்டு வைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்படிப் பழைய பகுதிகளின் மெட்டுகளைக் கடைசியில் கூட்டி வருவது த்வோர்ஷாக் கண்டுபிடித்ததல்ல. பேத்தோவன் தம் ஒன்பதாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில், முந்தைய மூன்று பகுதிகளையும் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் வேண்டாமென்று ஒதுக்குகிறார். பெர்லியோஸ் 1830இல் தம் ‘அற்புதச் சிம்பொனி’யில் காதலியைக் குறிக்கும் ஒரே மெட்டை ஐந்து பகுதிகளிலும் உலவவிட்டு, கடைசியில் சூனியக்காரிகளின் கூத்தாகக் கேவலப்படுத்திக் காட்டுகிறார். த்வோர்ஷாக் யாரையும் ஒதுக்கவுமில்லை, சிறுமைப்படுத்தவுமில்லை. எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கிறார். அவரை எனக்குப் பிடித்திருப்பதற்கு அது ஒரு காரணம்.

முடிவைப் பற்றி ஒரே ஒரு விஷயம். இசைக்குழு முழுவதும் கடைசி அடிகளை ஓங்கி அடிக்கிறது. ஊரே எழுந்து கைதட்டப் போகும் இடம். ஆனால் அந்தக் கடைசி ‘இ மேஜர்’ கூட்டொலியை ஊதுகருவிகள் விடாமல் பிடித்திருக்கின்றன. பிடித்திருந்து, மெல்ல, மெல்லத் தேய்த்து, ஒன்றுமில்லாமல் ஆக்குகின்றன. இத்தனை வெற்றி முழக்கத்துக்குப் பிறகு இசை தூரத்தில் மறையும் ஒரு வெளிச்சமாக முடிகிறது. வீட்டை விட்டுக் கடல் தாண்டி வந்த ஒரு மனிதர் எழுதியது என்பது எனக்கு நினைவுக்கு வரும் இடம் இது. அரங்கங்களில் அவசரக்காரர் யாராவது ஒருவர் இந்தக் கூட்டொலியின் மேலேயே கைதட்டிவிடுவார். அப்போது அது கேட்காமலேயே போய்விடும்.

கைதட்டல் பற்றியும் ஒரு சொல். இன்றைய வழக்கப்படி பகுதிகளுக்கு நடுவில் தட்டுவதில்லை. 1893இல் அப்படி இல்லை. அன்று கார்னகி ஹாலில் பகுதிகளுக்கு நடுவிலும் கைதட்டல் எழுந்தது, மேல் இருக்கையில் அமர்ந்திருந்த த்வோர்ஷாக் எழுந்து நின்று வணங்க வேண்டியிருந்தது. அதனால் யாராவது உணர்ச்சிவசப்பட்டுத் தட்டிவிட்டால் அவரை முறைக்க வேண்டாம். ஆனால் பகுதிகளுக்கு நடுவில் வரும் மௌனம் நமக்கு உதவியாக இருக்கிறது. ‘இ’யின் கடைசி அடி காதில் இருந்தால்தான் லார்கோவின் முதல் கதவு ‘இ’யில் திறப்பது தெரியும்.

இப்போது விளக்குகளைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். முழுச் சிம்பொனியையும் இடைவெளியில்லாமல் கேட்கப் போகிறோம். நடத்துநர் முதல் பகுதியின் தொடக்க மெட்டுகளை மறுபடி வாசிக்கச் சொல்லும் திருப்பத்தை வாசிக்கிறாரா, விட்டுவிடுகிறாரா என்பதைப் பொறுத்து இது நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம் ஓடும். இந்தப் பதிவில் திருப்பம் வாசிக்கப்படுகிறது. அதனால் படிக்கட்டு மெட்டை மனத்தில் பதித்துக்கொள்ள உங்களுக்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு. கைபேசிகளை அணைத்துவிடுங்கள். முடிவில் அந்தக் கடைசிக் கூட்டொலி முழுவதும் அடங்கும்வரை, தயவுசெய்து, கைதட்ட வேண்டாம்.

(முழுச் சிம்பொனியும் இசைக்கப்பட்டது.)